சாய்தளத்தில் எறிந்த கல்: இரண்டு 45-க்கும் நடுவில் இருக்கும் விடை

கேள்வி: "30 டிகிரி சரிவின் அடியில் நின்று, சரிவின் மேல்நோக்கி 20 m/s வேகத்தில் கல் எறிகிறோம். சரிவில் அதிகபட்ச தூரம் போக 45 டிகிரியில் எறியவேண்டும் என்று நினைத்தேன். சரிவிலிருந்து 45 டிகிரி என்று நண்பன் சொல்கிறான். இரண்டையும் போட்டுப் பார்த்தால் ஒரே தூரம் வருகிறது, ஆனால் விடைப் பட்டியலில் இருப்பது வேறு எண். எங்கே தப்பு? இந்த மாதிரிக் கணக்கை எப்படிப் போடுவது?"

உங்கள் இருவருக்கும் ஒரே தூரம் வந்தது தற்செயல் இல்லை. சரியான கோணம் எது என்பதை அந்த ஒற்றுமையே காட்டிக் கொடுத்துவிடுகிறது. கிடைத்தளத்திலிருந்து அளந்தால் நீங்கள் சொன்னது 45 டிகிரி. நண்பர் சொன்னது 30 + 45, அதாவது 75 டிகிரி. இரண்டுக்கும் சரிபாதியில் இருக்கும் 60 டிகிரிதான் விடை. அந்தக் கோணத்தில் கல் சரிவின் வழியே 26.7 மீட்டர் போகும். உங்கள் இரு கோணங்களிலும் 19.5 மீட்டர்தான். பதினொன்றாம் வகுப்புக்குப் பல வருடங்களாக இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் நீங்கள் இருவரும் தடுமாறிய அதே இரண்டு இடங்களில்தான். அதனால் கணக்கை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் அந்த இரண்டு தவறுகளுக்கும் வருகிறேன்.

குறியீடுகளை முதலில் தெளிவாக வைத்துக்கொள்வோம். சரிவின் கோணம் α. எறிகோணம் θ. இரண்டையும் கிடைத்தளத்திலிருந்தே அளக்கிறேன். எறியும் வேகம் u, ஈர்ப்பு முடுக்கம் g. சில புத்தகங்கள் எறிகோணத்தைச் சரிவிலிருந்து அளந்து கொடுக்கும். அந்தக் கோணம் θ − α. ஒரு புத்தகத்தின் சூத்திரத்தை இன்னொரு புத்தகத்தின் கோணத்தோடு சேர்த்துப் போட்டு வந்த தவறான விடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எண்களை எடுக்கும் முன் "கோணம் எங்கிருந்து?" என்று கேள்வியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

கணக்கு இரண்டு படிதான். முதல் படி, கல் காற்றில் இருக்கும் நேரம். இதற்கு மட்டும் அச்சுகளைச் சாய்த்து வைத்துக்கொள்வது வசதி: ஒன்று சரிவின் வழியே, இன்னொன்று சரிவுக்குச் செங்குத்தாக. செங்குத்து அச்சில் கல்லின் தொடக்க வேகம் u sin(θ − α). ஈர்ப்பு முடுக்கத்தின் கூறு அந்த அச்சில் g cos α, சரிவை நோக்கி. கல் சரிவை விட்டு எழும்பி மறுபடியும் சரிவைத் தொடும்போது அந்த அச்சில் அதன் இடப்பெயர்ச்சி சுழி. நேர்மேலே எறிந்த கல் கைக்குத் திரும்பும் கணக்கும் இதுவும் ஒன்றே. g இருக்க வேண்டிய இடத்தில் g cos α இருக்கிறது, அவ்வளவுதான். எனவே

T = 2u sin(θ − α) / (g cos α)

இரண்டாம் படி, தூரம். இங்கேதான் பெரும்பாலான புத்தகங்கள் சாய்ந்த அச்சிலேயே தொடர்ந்து போகும். அந்த வழியில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் நீளம், வழுக்கும் இடமும் அதில் இருக்கிறது. நேரம் கிடைத்தவுடன் பழைய கிடைத்தள அச்சுக்கே திரும்பிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கிடைத்தளத்தில் முடுக்கமே கிடையாது. ஆகவே T நேரத்தில் கல் கடந்த கிடைத்தளத் தூரம் u cos θ × T. விழுந்த இடம் சரிவின்மேல் இருப்பதால், இந்தக் கிடைத்தளத் தூரம் சரிவுத் தூரத்தின் cos α பங்கு. வகுத்தால் சரிவின் வழியேயான நெடுக்கம் வந்துவிடும்.

R = u cos θ × T / cos α = 2u² cos θ sin(θ − α) / (g cos² α)

உங்கள் எண்களைப் போடுவோம். g = 10 என்று எடுத்துக்கொள்கிறேன், உங்கள் விடைப் பட்டியலிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் 9.8 எடுத்திருந்தால் உச்ச விடை 27.2 என்று வரும். கீழே cos² 30° = 0.75, எனவே பகுதியில் 7.5. மேலே 2u² = 800. θ = 45 என்றால் cos 45° × sin 15° = 0.183, தூரம் 19.5 மீட்டர். θ = 75 என்றால் cos 75° × sin 45°. cos 75° என்பது sin 15° தானே? அதனால் அதே 0.183, அதே 19.5 மீட்டர். θ = 60 என்றால் cos 60° × sin 30° = 0.25, தூரம் 26.7 மீட்டர்.

சரி, 60 என்று எப்படித் தெரிந்தது? வகைக்கெழு எடுத்து சுழிக்குச் சமன்படுத்தலாம். ஆனால் இந்தக் கணக்குக்கு அது தேவையே இல்லை, முக்கோணவியலின் ஒரு பழைய முற்றொருமை போதும். 2 cos θ sin(θ − α) என்ற பெருக்கலை ஒரு கழித்தலாக மாற்றி எழுதலாம்:

2 cos θ sin(θ − α) = sin(2θ − α) − sin α

இதை நெடுக்கச் சூத்திரத்தில் போட்டால்

R = (u² / (g cos² α)) × [sin(2θ − α) − sin α]

இப்போது நம் கையில் மாற்றக்கூடியது θ மட்டும்தான், அது ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. sin எவ்வளவு முயன்றாலும் 1-ஐத் தாண்டாது. 2θ − α = 90° ஆகும்போது அது 1 ஆகிறது. ஆகவே உச்ச நெடுக்கத்துக்கான கோணம் θ = 45° + α/2. சரிவு 30 என்றால் 45 + 15 = 60. sin-க்கு 1 என்று போட்டு, cos² α-வை (1 − sin α)(1 + sin α) என்று பிரித்து அடித்துவிட்டால் உச்ச நெடுக்கம்

R(உச்சம்) = u² / (g (1 + sin α))

400-ஐ 10 × 1.5-ஆல் வகுத்தால் 26.7. இதே வரி உங்கள் முதல் புதிரையும் அவிழ்த்துவிடுகிறது. 90-க்கு இருபுறமும் sin ஒரே மாதிரி குறைகிறது. 2θ − α என்பது 90-ஐ விட 30 குறைவாக இருந்தாலும் 30 கூடுதலாக இருந்தாலும் ஒரே மதிப்பு. θ-வில் அது 60-க்கு 15 டிகிரி கீழேயும் மேலேயும் ஆகும், அதாவது 45-உம் 75-உம். பொதுவாக, கூட்டினால் 90 + α வரும் எந்த இரண்டு எறிகோணங்களும் சரிவில் ஒரே இடத்தில் கல்லைக் கொண்டு சேர்க்கும். சமதரையில் 30-உம் 60-உம் ஒரே நெடுக்கம் தரும் என்று படித்திருப்பீர்கள். அது இதன் α = 0 வடிவம்.

இனி தவறுகள். உங்கள் 45 எங்கிருந்து வந்தது என்பது எளிது: சமதரைக்கான விடையை அப்படியே சரிவுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். நண்பரின் தவறு இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அவர் சரிவைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் தவறினார். அச்சைச் சாய்த்துவிட்டால் சரிவே தரை போல ஆகிவிடும், அப்புறம் அந்தத் தரையிலிருந்து 45 என்பது அவர் எண்ணம். ஆனால் அச்சைச் சாய்த்ததும் ஈர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கூறு g cos α, சரிவை நோக்கி. இன்னொன்று g sin α, சரிவின் வழியே கீழ்நோக்கி. இந்த இரண்டாவது கூறு கல் பறக்கும் நேரம் முழுக்க அதைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதை மறந்துவிட்டு "தூரம் = சரிவின் வழியே வேகம் × நேரம்" என்று போட்டால் u² sin 2(θ − α) / (g cos α) என்று ஒரு போலிச் சூத்திரம் வரும். அதன் உச்சம் சரியாகச் சரிவிலிருந்து 45 டிகிரியில் வரும். நண்பர் அந்தக் கோணத்தை எடுத்துக்கொண்டு, தூரத்தை மட்டும் சரியான சூத்திரத்தில் போட்டிருக்கிறார் என்று ஊகிக்கிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கு வந்த அதே எண் அவருக்கு வந்திருக்காது.

அந்தப் போலிச் சூத்திரம் தவறு என்பதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதில் உச்ச நெடுக்கம் 46 மீட்டர் என்று வரும். இதே வேகத்தில் சமதரையில் கல் போகக்கூடிய அதிகபட்சமே 40 மீட்டர்தான். மேட்டில் ஏற எறிந்த கல் சமதரையை விட அதிகத் தூரம் போகுமா? போகாது. மேல்நோக்கிய சரிவில் உங்கள் விடை u²/g-ஐத் தாண்டினால் எங்கேயோ g sin α தொலைந்துபோயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஊகங்களையும் ஒரே அடியில் சோதிக்க வேண்டுமானால் சரிவை 45 டிகிரியாக ஆக்கிப் பாருங்கள். நீங்கள் 45-இல் எறிந்தால் கல் சரிவை ஒட்டியே கிளம்பும், அதாவது சரிவை விட்டு எழும்பவே எழும்பாது. நண்பரின் கோணம் 90, கல் நேர்மேலே போய் அவர் தலையிலேயே விழும். இருவருக்கும் நெடுக்கம் சுழி. ஆனால் நடுவில் 67.5 டிகிரியில் எறிந்தால் கல் 23 மீட்டருக்கும் மேல் போகிறது. கணக்கில் சந்தேகம் வந்தால் இப்படி ஒரு ஓரத்துக்குத் தள்ளிப் பார்ப்பது நல்ல வழி. நம் சூத்திரத்தையும் தள்ளிப் பாருங்கள். α சுழி என்றால் கோணம் 45, நெடுக்கம் u²/g. α 90-ஐ நெருங்கினால், அதாவது செங்குத்துச் சுவர் என்றால், கோணம் 90, நெடுக்கம் u²/2g. நேர்மேலே எறிந்த கல் எட்டும் உயரமும் அதுவேதான். இரண்டும் நமக்கு ஏற்கனவே தெரிந்த விடைகள்.

45 + α/2 என்பதை மனப்பாடம் செய்வதை விட வரைபடமாக நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எறியும் இடத்திலிருந்து இரண்டு கோடுகள் வரையுங்கள்: ஒன்று சரிவு, இன்னொன்று நேர்மேலே. இவற்றுக்கு இடையிலான கோணத்தைச் சமமாக இரண்டாகப் பிளக்கும் திசைதான் உச்ச நெடுக்கத்தின் திசை. 30-க்கும் 90-க்கும் நடுவில் 60. வால்நட்சத்திரத்தால் பெயர்பெற்ற எட்மண்ட் ஹாலி 1695-இல் பீரங்கிக்காரர்களுக்காக இதே விதியைத்தான் எழுதினார். அவர் காலத்து மோர்ட்டார் பீரங்கிகளின் இலக்கு பெரும்பாலும் சமதரையில் இருக்காது. கோட்டை மேட்டின்மேல் இருக்கும், அல்லது பள்ளத்தில் இருக்கும். இலக்குக்கும் நேர்மேலுக்கும் நடுவில் குழாயை வைத்தால் மிகக் குறைந்த வேகத்தில், அதாவது மிகக் குறைந்த வெடிமருந்தில் அந்த இலக்கை எட்டலாம். "கொடுத்த வேகத்தில் அதிகத் தூரம்" என்ற கேள்விக்கும் "கொடுத்த தூரத்துக்குக் குறைந்த வேகம்" என்ற கேள்விக்கும் கோணம் ஒன்றே. தேர்வில் இரண்டாவது வடிவத்தில் கேட்டாலும் திகைக்க வேண்டாம்.

விடையைச் சரிபார்க்க இன்னொரு அழகான வழி. உச்ச நெடுக்கத்தில் மட்டும், கல் கிளம்பும் திசையும் விழும் திசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும். நம் கணக்கில் பாருங்கள். பறக்கும் நேரம் T = 2.31 வினாடி. கிடைத்தள வேகம் முழுக்க 10 m/s. மேல்நோக்கிய வேகம் தொடக்கத்தில் 17.3, விழும்போது 17.3 − 23.1, அதாவது கீழ்நோக்கி 5.8. கிளம்பியது கிடைத்தளத்துக்கு மேலே 60 டிகிரியில், விழுந்தது கிடைத்தளத்துக்குக் கீழே 30 டிகிரியில். கூட்டினால் 90. சரிவு எந்தக் கோணமாக இருந்தாலும் இது மாறாது. இதே எண்களில் இன்னொன்றும் தெரியும்: கல் தன் உச்சிக்குப் போக 1.73 வினாடி எடுத்துக்கொள்கிறது, அங்கிருந்து சரிவில் விழ 0.58 வினாடிதான். சரிவு மேலேறி வந்து கல்லை எதிர்கொள்கிறது. 2u sin θ / g என்ற சமதரை நேரத்தைச் சரிவுக்குப் போடக்கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான். அதைப் போட்டால் 3.46 வினாடி வரும், அந்த நேரத்தில் கல் சரிவுக்கு உள்ளே புதைந்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி எப்படியும் கீழ்நோக்கிய சரிவாகத்தான் இருக்கும். புதுச் சூத்திரம் வேண்டாம், α இருந்த இடங்களில் −α போடுங்கள். கோணம் 45° − α/2, உச்ச நெடுக்கம் u² / (g (1 − sin α)). அதே 30 டிகிரிச் சரிவின் மேலே நின்று கீழ்நோக்கி எறிந்தால் கோணம் 30 டிகிரி, தூரம் 80 மீட்டர், நேரம் 4 வினாடி. இந்த 30 டிகிரி கிடைத்தளத்துக்கு மேலே என்பதைக் கவனியுங்கள். "கீழ்நோக்கி எறிதல்" என்ற சொல்லைப் பார்த்ததும் கல்லைத் தரையை நோக்கி எறிவதாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. சரிவுதான் கீழே போகிறது, கல் முதலில் மேலேதான் போக வேண்டும். கோணப் பாதியாக்கி விதி இங்கேயும் சரியாக வருகிறது: நேர்மேல் 90, சரிவு −30, நடுவில் 30.

இதுவரை சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை, ஆனால் ஒரு நிபந்தனையோடு: காற்று இல்லை, g மாறாது, கல் சரிவின் மேற்பரப்பிலிருந்தே கிளம்புகிறது, சரிவு ஒரே சீராக நீள்கிறது. தேர்வுக் கணக்கில் இவை எல்லாம் சொல்லாமலே ஏற்கப்படும். மைதானத்தில் போய்ச் சோதித்துப் பார்க்க நினைத்தால் மட்டும் இவை கணக்கைக் கெடுக்கும். கை சரிவிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் உண்மையான சிறந்த கோணம் 60-ஐ விடக் கொஞ்சம் கீழே இறங்கும். கோணம் கொஞ்சம் தவறினாலும் பெரிய இழப்பில்லை என்பது ஓர் ஆறுதல். உங்கள் சரிவில் 60-க்குப் பதில் 55-இலோ 65-இலோ எறிந்தால் 26.7 மீட்டர் 25.9 ஆகும், அவ்வளவுதான். ஆனால் சரிவு செங்குத்தாக ஆக ஆக இந்தச் சலுகை சுருங்கும். 60 டிகிரிச் சரிவில் சிறந்த கோணமான 75-இலிருந்து 15 டிகிரி விலகினால் நெடுக்கமே சுழியாகிவிடும்.

கையால் எறிபவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லாக் கோணத்திலும் u ஒன்றே என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. மனிதத் தோளால் செங்குத்தை நெருங்கிய கோணத்தில் அதே வேகத்தில் எறிய முடியாது. அதனால் நீங்கள் நேரில் எறிந்து பார்க்கும்போது 60-ஐ விடத் தாழ்ந்த கோணம் ஒன்று வென்றால் சூத்திரம் பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே இழுப்பில் வைத்து விடும் சிறு ஸ்பிரிங் கருவி கிடைத்தால் அதுதான் நியாயமான சோதனை.

காற்றைப் பொறுத்தவரை எல்லாம் எறியும் பொருளைப் பொறுத்தது. ஆண்கள் குண்டு எறிதலில் பயன்படும் 7.26 கிலோ இரும்புக் குண்டுக்கு 20 m/s வேகத்தில் காற்றுத் தடை அதன் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டாது, நம் சூத்திரத்தை நம்பலாம். ஒரு கிரிக்கெட் பந்துக்கு அதே வேகத்தில் தடை எடையில் கால் பங்கைத் தொட்டுவிடும். டென்னிஸ் பந்துக்கு முக்கால் பங்கு வரைக்கும் போகும். அந்தப் பந்தை வைத்து 26.7 மீட்டரை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் அதற்கு இப்படிச் சுருக்கமான சூத்திரம் எதுவும் இல்லை. நேரத்தை நூறில் ஒரு வினாடி போன்ற சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் வேகத்தையும் இடத்தையும் திருத்திக்கொண்டே போய், கல் சரிவைத் தொடும் துண்டில் நிறுத்த வேண்டும். விரிதாளிலேயே இதைச் செய்யலாம். செய்தால், முதலில் தடையைச் சுழியாக வைத்து ஓட்டிப் பாருங்கள். 60 டிகிரியில் 26.7-ஐ ஒட்டி வரவில்லை என்றால் தப்பு காற்றில் இல்லை, விரிதாளில் இருக்கிறது.